ஃபயர் அலாரம் பேனலில் ஒரு ஸோன் மட்டும் ஃபால்ட் காட்டினால்: ஓப்பன், எர்த் இரண்டையும் ஒயரில் தேடிப் பிடிக்கும் வழி

மும்பையில் ஜூன் மாதம் மழை இறங்கியதும், செம்பூர், முலுண்டு பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். பேனல் கத்துகிறது, எங்கேயும் தீ இல்லை, ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. பராமரிப்பு வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் பஸ்ஸரை அமுக்கி நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. பழுது எங்கே என்பதை முறையாகத் தேடினால் பெரும்பாலும் அன்றே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே நான் சொல்வது சாதாரண, அதாவது கன்வென்ஷனல் பேனலுக்கு. கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதிக்கு ஸோன் என்று பெயர். ஒவ்வொரு ஸோனுக்கும் இரண்டு ஒயர் கிளம்பி, டிடெக்டர் டிடெக்டராக ஏறி இறங்கி, கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டரோடு முடியும். அதைக் கடைசி ரெசிஸ்டர் என்றே இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் கொடுத்திருக்கும் அட்ரஸபிள் பேனலில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பதில் வரவில்லை என்பதைத் திரையே காட்டிவிடும். அங்கே தேடும் முறை வேறு.

## கை வைப்பதற்கு முன்

லிஃப்ட், ஏ.சி. காற்றுப் பெட்டி, பம்ப் ஆகியவற்றோடு பேனலுக்கு இணைப்பு இருந்தால், அவற்றின் ரிலே ஒயரை முதலில் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் சோதனையின் நடுவே பேனல் தீ என்று எடுத்துக்கொண்டு லிஃப்டைத் தரைத்தளத்தில் இறக்கி நிறுத்திவிடும். வேலை முடியும் வரை அந்த ஸோனைக் கண்ணால் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்துங்கள். ஸோன் பிரிந்திருக்கும் நேரத்தில் அந்தத் தளத்துக்குக் காவல் அந்த ஆள் மட்டும்தான்.

கையில் வேண்டியவை மல்டிமீட்டர், ஏணி, பேனல் அருகே நிற்க ஒருவர், உங்கள் பேனலுக்குரிய அளவில் ஒரு உதிரி ரெசிஸ்டர். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 4.7 கிலோ ஓம் அதிகம் பார்க்கலாம், அதன் வளையங்கள் மஞ்சள், ஊதா, சிவப்பு. பேனல் கதவின் உட்புற ஸ்டிக்கரில் அளவு இருக்கும். பயன்படுத்தாத ஸோன் டெர்மினலில் செருகியிருக்கும் ரெசிஸ்டரைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். சில பேனல்களில் ரெசிஸ்டருக்குப் பதில் கெபாசிட்டர் இருக்கும். அங்கே கீழே சொல்லும் ஓம் கணக்குகள் பொருந்தாது.

## அறிகுறி 1: ஸோனில் OPEN அல்லது FAULT மட்டும், எர்த் விளக்கு இல்லை

இதன் பொருள், பேனலிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் கடைசி ரெசிஸ்டர் வரை போய்த் திரும்பவில்லை என்பது. வெட்டு எங்கே இருக்கிறதோ அதற்கு அப்பால் உள்ள டிடெக்டர்கள் எல்லாம் இறந்தவை. புகை வந்தாலும் பேனலுக்குச் செய்தி போகாது. ஆகவே இதைச் சின்னப் பழுது என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட இடமே இல்லை.

பேனலா, வெளி ஒயரா? ஸோனின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, உதிரி ரெசிஸ்டரை அந்த டெர்மினலில் செருகுங்கள். ஃபால்ட் போய்விட்டால் பேனல் நலம், பழுது வெளியில். போகவில்லை என்றால் பழுது பேனலின் கார்டில் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் ஆளை அழையுங்கள்.

வெளியில் என்றால், முதலில் ஒரு சுற்று நடங்கள். மீட்டரை எடுப்பதற்கு முன் அந்த ஸோன் முழுக்கத் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போங்கள். பெயின்ட் அடித்தவர்கள் கழற்றி ஜன்னலில் வைத்த டிடெக்டர், கூரையில் பதிந்திருக்கும் அடிப்பாகமான பேஸில் சரியாகத் திருகி உட்காராத டிடெக்டர், புது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்துபோன பேஸ். பாதிக்குமேல் இவைதான் காரணம். டிடெக்டர் தலையைக் கழற்றினால் லைன் அறுபடும்படிதான் பேஸ் அமைத்திருப்பார்கள். எனவே ஒரு தலை குறைந்தாலே ஓப்பன் வரும்.

எல்லாத் தலைகளும் இருக்கின்றன, இன்னும் ஓப்பன். நேரே கடைசி டிடெக்டருக்குப் போய் ரெசிஸ்டரைப் பாருங்கள். மெல்லிய கால் ஸ்க்ரூவின் கீழ் நசுங்கி முறிந்திருக்கும், அல்லது கடையைப் புதுப்பித்தவர்கள் பேஸோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பார்கள். மாற்றுவதற்குச் சில ரூபாய்தான் ஆகும்.

ரெசிஸ்டரும் நலம். இப்போதுதான் ஒயர். ஸோனைப் பேனலில் திரும்ப மாட்டிவிட்டு, நடுவில் இருக்கும் டிடெக்டரின் தலையைக் கழற்றுங்கள். உள்ளே வரும் இரண்டு ஒயருக்கும் இடையே டி.சி. வோல்ட் அளவெடுங்கள். 20 வோல்ட்டை ஒட்டி வந்தால் அதுவரை லைன் நலம், வெட்டு அதற்கு அப்பால். சுழியம் வந்தால் வெட்டு அதற்கு முன்னால். தலையைத் திரும்ப மாட்டிவிட்டு, பழுதுள்ள பாதியின் நடுவுக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் தேடும் இடம் பாதியாகும். ஒன்றாவது டிடெக்டரில் தொடங்கி வரிசையாக ஏணியை இழுத்துக்கொண்டு போவது வீண் உழைப்பு.

இரண்டு பேஸ்களுக்கு இடையில் வெட்டு சிக்கியதும், அந்த இரண்டு பேஸின் ஸ்க்ரூக்களை முதலில் இறுக்கிப் பாருங்கள். ஒயரை லேசாக இழுத்தால் கையோடு வருவது அடிக்கடி நடக்கும். அதுவும் இல்லை என்றால் அந்த ஒரு துண்டுக் கேபிளை மாற்றுவதுதான் மிச்சம்.

## அறிகுறி 2: EARTH FAULT எரிகிறது, ஸோன்கள் எல்லாம் நலம்

பேனலின் 24 வோல்ட் சுற்று பூமியோடு எங்கும் சேராமல் தனித்து நிற்க வேண்டும். பாசிட்டிவோ நெகட்டிவோ எங்காவது குழாயையோ இரும்புப் பெட்டியையோ ஈரச் சுவரையோ தொட்டால் இந்த விளக்கு வரும். ஓரிடத்தில் மட்டும் தொட்டிருக்கும்போது அலாரம் வழக்கம்போல வேலை செய்யும். அதனால்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. இன்னொரு இடத்தில் எதிர் ஒயரும் தொட்டுவிட்டால் ஸோன் ஷார்ட் ஆகும், அல்லது தீயே இல்லாமல் ஹூட்டர் அலறும்.

முதலில் பேட்டரி. பேனலுக்குள் இருக்கும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தூக்கிப் பாருங்கள். உடல் வீங்கி, அடியில் கசிந்து, இரும்புப் பெட்டியை நனைத்திருந்தால் அதுவே எர்த் ஃபால்ட் காட்டும். பேட்டரி ஒயரின் உறை பெட்டி விளிம்பில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த ஒயர்? மீட்டரின் ஒரு முனையைப் பேனலின் எர்த் போல்ட்டில் வைத்துக்கொண்டு, ஸோனின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனியே டி.சி. வோல்ட்டில் அளவெடுங்கள். எது சுழியத்தை ஒட்டி நிற்கிறதோ அதுதான் பூமியைத் தொடுகிறது.

எந்த ஸோன்? இங்கே இரண்டு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பேனலில் இருக்கும் ISOLATE பட்டன் ஸோனின் சமிக்ஞையைத்தான் நிறுத்தும், ஒயரைப் பிரிக்காது. அதை அமுக்கிவிட்டு விளக்கு அணையவில்லையே என்று முடிவுக்கு வரக் கூடாது. அடுத்தது, பாசிட்டிவை மட்டும் கழற்றிப் பார்ப்பது. பல பேனல்களில் எல்லா ஸோன்களுக்கும் நெகட்டிவ் உள்ளே பொதுவாக இருக்கும். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கழற்றினால்தான் சோதனை சோதனையாகும். கழற்றியதும் அரை நிமிடம் பொறுங்கள். விளக்கு உடனே அணையாது. அணையவில்லை என்றால் மாட்டிவிட்டு அடுத்த ஸோனுக்குப் போங்கள். எல்லா ஸோன்களும் முடிந்து விளக்கு நின்றபடியே இருந்தால், ஹூட்டர் ஒயர்களையும் ரிலே ஒயர்களையும் அதே போலப் பாருங்கள்.

## அறிகுறி 3: மழை பெய்தால் எர்த் ஃபால்ட், வெயில் அடித்தால் காணோம்

இதுதான் இந்த ஊரின் நோய். விளக்கு எரியும்போதே தேட வேண்டும், அக்டோபரில் போய்த் தேடினால் கிடைக்காது. ஆகவே மழைநாளில் அழைப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ள மாட்டேன்.

செம்பூரில் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், வழிமுறை அதற்குள்ளேயே இருக்கிறது. எட்டு ஸோன் பேனல். மூன்றாம் ஸோன் அடித்தள கார் நிறுத்தம், பதினாறு ஹீட் டிடெக்டர்கள், கடைசி ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். திருநெல்வேலிப் பக்கத்துக் காவலாளி ஒருவர், "அண்ணா, மழை விட்டு ரெண்டு நாள் ஆனால் தானாகப் போய்விடும்" என்று சொன்னார். நல்ல துப்பு அது. தண்ணீர் வந்து தேங்கி, மெல்ல வற்றுகிற ஓர் இடம் இருக்கிறது என்று பொருள்.

பேனலில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் 23 வோல்ட், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் ஒரு வோல்ட்கூட இல்லை. தொடுவது நெகட்டிவ். மூன்றாம் ஸோனின் இரண்டு ஒயரையும் கழற்றியதும் விளக்கு அணைந்தது. கழற்றிய ஒயர்களை ஓம் அளவில் எர்த்தோடு பார்த்தபோது நெகட்டிவ் 3 கிலோ ஓம், பாசிட்டிவ் கிட்டத்தட்ட 8 கிலோ ஓம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி ரெசிஸ்டரின் அளவு. அதாவது பாசிட்டிவ் தானாகப் பூமியைத் தொடவில்லை, ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போய் நெகட்டிவின் பழுதைக் காட்டுகிறது. பாசிட்டிவிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்து இரண்டு பழுதுகளைத் தேடி அலையாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

மீட்டர் எண் நிலையாக நிற்கவில்லை. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறியது, முனைகளை மாற்றி வைத்தால் வேறொரு எண் காட்டி மறுபடி நகர்ந்தது. நகர்கிற எண் தண்ணீரின் அடையாளம். உலோகம் உலோகத்தைத் தொட்டிருந்தால் சில ஓம்கள் காட்டி அசையாமல் நிற்கும். ஆணியோ, கேபிள் பெட்டிக்குள் நுழையும் க்ளாண்டின் விளிம்போ உறையை அறுத்திருந்தால் அப்படித்தான் வரும். இந்த ஒரு கவனிப்பு, சுவரில் துளை போட்ட இடத்தைத் தேடுவதா, ஈரம் இறங்கும் இடத்தைத் தேடுவதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

அடுத்து எட்டாவது டிடெக்டர். பேஸில் வரும் ஒயரையும் போகும் ஒயரையும் பிரித்துத் தனித்தனியே எர்த்தோடு பார்த்தோம். பேனல் பக்கம் மீட்டரில் `OL`, அதாவது எர்த்தோடு தொடர்பே இல்லை, சுத்தம். அப்பால் உள்ள பக்கம் 3 கிலோ ஓம். பன்னிரண்டாவதில் பிரித்தால் அதற்கு அப்பால் சுத்தம், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் பழுது. பத்தாவதில் பிரித்தபோது எட்டின் பக்கம் பழுது. ஒன்பதாவதில் பிரித்தபோது எட்டின் பக்கம் சுத்தம். ஆக, ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். ஒவ்வொரு இடத்திலும் வரும் ஒயரில் சிவப்பு டேப், போகும் ஒயரில் நீல டேப் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். திரும்ப மாட்டும்போது மாறிவிட்டால் புதிதாக ஒரு பழுது பிறக்கும்.

அந்த இரண்டுக்கும் நடுவே, கார் இறங்கும் சரிவின் உத்தரத்தில் ஓர் இரும்பு ஜங்ஷன் பெட்டி. வரைபடத்தில் அது இல்லை. மேலே பூந்தோட்டம், அதன் தண்ணீர் ஸ்லாபின் விரிசலில் இறங்கி, குழாய்க்குள் புகுந்து பெட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தபோது அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் துருக் கலந்த தண்ணீர். நெகட்டிவ் ஒயர்களை முறுக்கிச் சுற்றியிருந்த கறுப்பு டேப் பசை கரைந்து தளர்ந்து, உள்ளேயிருந்த செம்பு பச்சை பூத்து, பெட்டியின் அடித்தகட்டில் சாய்ந்து கிடந்தது. பாசிட்டிவ் முறுக்கு அதே பெட்டியில் நீர்மட்டத்துக்கு மேலே தப்பி நின்றது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்திருந்தால் இரண்டும் நனைந்து ஸோன் ஷார்ட் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் துடைத்து, உலர்த்தி, புது டேப் சுற்றிவிட்டு வருவது பழுது நீக்கமல்ல, அடுத்த மழைக்கு வைக்கும் தவணை. ஒயரின் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் அங்கேயே வெட்டிப் புது இணைப்புப் போடலாம். கறுத்திருந்தால் தண்ணீர் இழைகளுக்கு இடையே ஏறியிருக்கிறது, சாண் கணக்கில் சீவினாலும் கறுப்பாகவே வரும். இங்கே அப்படித்தான் இருந்தது. ஒன்பதிலிருந்து பத்து வரை நடுவில் இணைப்பே இல்லாத புதுக் கேபிளை, உத்தரத்தின் உலர்ந்த பக்கமாக இழுத்தோம். பெட்டியே தேவைப்படவில்லை. பெட்டி வைத்தே ஆக வேண்டிய இடமாக இருந்தால், ரப்பர் வளையம் உள்ள, நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியை வைத்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழைத்துவிடுங்கள். நுழையுமுன் கேபிள் சற்றே தொங்கி வளைந்தால் ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டி விழுந்துவிடும்.

ஸ்லாப் ஒழுகுவதைச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்தோம். ஒழுகலை அடைப்பது நம் வேலையல்ல. சொல்லாமல் வருவது தவறு.

## அறிகுறி 4: ஃபால்ட் எதுவும் இல்லை, ஆனால் டிடெக்டர் வேலை செய்யவில்லை

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. ஓப்பன் ஃபால்ட்டைத் தேட மனமில்லாத யாரோ, ரெசிஸ்டரைப் பேனல் டெர்மினலிலேயே செருகிவிட்டுப் போயிருப்பார்கள். பேனல் பச்சை விளக்கோடு அமைதியாக இருக்கும். அந்தத் தளத்தில் ஒயர் அறுந்து தொங்கினாலும், டிடெக்டரையே திருடிக்கொண்டு போனாலும் அதற்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு ஸோனிலும் கடைசி டிடெக்டரின் தலையைக் கழற்றுங்கள். பேனல் ஃபால்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து பாருங்கள், ரெசிஸ்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

தலையைக் கழற்றினால் ஃபால்ட் வருகிறது, ஆனாலும் சில டிடெக்டர்கள் சோதனைக்குப் பதில் தரவில்லை என்றால், அவை நடுவிலிருந்து கிளையாகப் பிரித்து எடுத்தவையாக இருக்கலாம். கிளை ஒயரைப் பேனல் கண்காணிப்பதில்லை, அறுந்தாலும் விளக்கு வராது. அவற்றைப் பிரதான லைனில் ஏறி இறங்குமாறு மாற்றிப் போட வேண்டும்.

## எங்கே நிறுத்திக்கொண்டு ஆளை அழைக்க வேண்டும்

கட்டடப் பராமரிப்பு ஆள் மேலே சொன்னவற்றை மல்டிமீட்டரோடு செய்யலாம். அதற்கு மேல் போகக் கூடாத இடங்கள் உண்டு. 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது மெகர், அவற்றில் முதன்மையானது. டிடெக்டர் மாட்டியிருக்கும் லைனில் அதை ஒருமுறை சுழற்றினால் அந்த ஸோனின் டிடெக்டர்கள் மொத்தமும் போய்விடும், பேனல் கார்டும் சேர்ந்து போகலாம். எல்லாத் தலைகளையும் ரெசிஸ்டரையும் கழற்றி, இரண்டு முனையிலும் வெறும் கேபிளாக நிற்கும்போது மட்டுமே, அது தெரிந்தவர் கையால் நடக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் கேபிளை அவர் ஏற்கவும் கூடாது. புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

பேனல் கார்டு, உள்ளே வரும் 230 வோல்ட் பக்கம், சுவருக்குள் அடைத்துப்போன குழாயில் புதுக் கேபிள் இழுப்பது, ஒரே நேரத்தில் இரண்டு ஸோன்களில் எர்த் காட்டுவது ஆகியவையும் அனுபவசாலிக்கே உரியவை. மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டத்தின்படி, தீயணைப்பு ஏற்பாடுகள் இயங்கும் நிலையில் இருப்பதற்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழை ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுக்க வேண்டும். ஜூலை நடு மழைக்காலம். அந்தச் சான்றிதழில் கையெழுத்திடப்போகிறவரையே இந்தப் பழுதுக்கும் கூப்பிடுங்கள். எர்த் விளக்கு எரிய எரியக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக அவரை விடாதீர்கள்.

## மூடுவதற்கு முன்

சோதனைக்காகப் பேனலில் செருகிய ரெசிஸ்டரை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அதன் காலில் முதலிலேயே ஒரு சிவப்பு டேப்பைக் கட்டி வைத்தால் மறக்காது. ஸோனை மாட்டியபின், பழுது இருந்த இடத்துக்கு அப்பால் உள்ள ஒரு டிடெக்டரையாவது உண்மையாகவே இயக்கிப் பாருங்கள். ஹீட் டிடெக்டருக்கு ஹீட் கன், புகை டிடெக்டருக்குச் சோதனை ஸ்ப்ரே. லைட்டரும் ஊதுபத்தியும் டிடெக்டரைக் கறையாக்கும், தொடாதீர்கள். கடைசித் தலையைக் கழற்றி ஃபால்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். லிஃப்ட், பம்ப் ரிலேக்களை இணையுங்கள்.

பேனல் பதிவேட்டில் தேதி, ஸோன் எண், எந்த இரண்டு டிடெக்டர்களுக்கு இடையே பழுது இருந்தது, எந்த ஒயர், என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். வரைபடத்தில் இல்லாத பெட்டி எதையாவது பார்த்திருந்தால் அதையும் வரைந்து வையுங்கள்.